d எழுத்தை மட்டும் மாற்றிப் பெயர்ச்சின்னம் செய்தேன், படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள்

பேஹெட்_நிரல் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து டர்பன் துறைமுகத்துக்குச் சரக்குப்பெட்டி ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். பேஹெட் சாலையில் லாரிகள் வரிசையில் நிற்பதை இங்கிருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டுநர்களுக்குத் தங்கள் முறை எப்போது வரும் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. பெயரை இன்னும் பதிவு செய்யவில்லை, அதனால் உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. அதே வடிவில் உள்ள மாற்றுச் சொல்லாக kadal என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சிறிய எழுத்துகள், நடுவில் ஒரே ஒரு d.

சின்னத்துக்குத் தனியாக ஒருவரை அமர்த்த எங்களிடம் பணம் இல்லை. ஆகவே மொன்செராட் எழுத்துருவில் பெயரைத் தட்டச்சு செய்து, ஓர் எழுத்தை மட்டும் எங்களுக்கென்று மாற்றுவது என்று முடிவு செய்தோம். d எழுத்தின் வட்டமான வயிற்றுக்கும் செங்குத்தான தண்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய வெட்டுப் போட்டேன். துறைமுக வாயில் திறக்கிறது என்பது எண்ணம்.

சிக்கல் இதுதான். செயலியின் மேற்பட்டையில் சிறிதாகத் தெரியும்போது எல்லோரும் சரியாகப் படிக்கிறார்கள். அதையே பெரிய சுவரொட்டியாக அச்சிட்டு லாரி நிறுத்துமிடத்தில் வைத்தேன். முதலில் வந்த ஓட்டுநர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, இது என்ன சொல் என்று என்னையே கேட்டார். இரண்டாமவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: k, a, c, l, a, l. சிறிதாக இருக்கும்போது சரியாக இருப்பது பெரிதானால் ஏன் கெடுகிறது? வழக்கமாக இதற்கு எதிர்மாறாகத்தானே நடக்கும்?

---

லெனேசியா_வணிகம்

தம்பி, முதலில் நல்ல செய்தி. ஓர் எழுத்தை மாற்றிவிட்டாலே அது புதிய படைப்பு. இனி அந்தச் சின்னம் முழுக்க உங்களுடையது. அதை வர்த்தகக் குறியாகப் பதிந்துவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் தொட முடியாது. நான் என் மசாலா நிறுவனத்துக்கு அப்படித்தான் செய்தேன், பிரிட்டோரியாவில் உள்ள பதிவகத்தில் விண்ணப்பித்துப் பத்து ஆண்டுகளுக்குப் பதிவு கிடைத்தது. படிப்பதில் உள்ள தடுமாற்றம் போகப் போகப் பழகிவிடும்.

---

கரும்புத்தோட்டம் (டோங்காட்)

எனக்கும் இதே தேவைதான் இருக்கிறது. எங்கள் கோயில் சங்கத்தின் காவடித் திருவிழா மலருக்கு நாங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவில் ழகரத்தின் வால் மிகவும் குட்டையாக இருக்கிறது. பிள்ளைகள் அதை மகரமாகப் படிக்கிறார்கள். அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எல்லோருடைய கணினியிலும் நிறுவுவது எப்படி என்று சொல்வீர்களா? நான் முப்பது ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்தவள், கணினி அவ்வளவாகத் தெரியாது.

---

அச்சுக்கோல் (கேப் டவுன்)

பேஹெட் தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. சிறிய அளவில் உங்கள் வெட்டு தெரியவே இல்லை. அது திரையில் மங்கி, d முழுசாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. அதனால்தான் சரியாகப் படிக்கிறார்கள். அதாவது உங்கள் சின்னம் வேலை செய்யாத இடத்தில்தான் பெயர் சரியாகப் படிக்கப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். d எழுத்தின் உயரம் தண்டின் தடிமனைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வெட்டு தண்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். மேற்பட்டையில் எழுத்து 14 பிக்சல் உயரம் என்றால் தண்டு 2 பிக்சல். வெட்டு ஒரு பிக்சலுக்கும் குறைவு, சுமார் 0.7. திரையால் அதை வெள்ளையாகக் காட்ட முடியாது, வெறும் சாம்பல் நிறக் கோடாகக் காட்டும். சுவரொட்டியில் அதே எழுத்து 21 சென்டிமீட்டர் உயரம் என்றால் தண்டு 3 சென்டிமீட்டர், வெட்டு 1 சென்டிமீட்டர். இப்போது கண் அதைத் தெளிவாகப் பார்க்கிறது. பார்த்ததும் என்ன தெரிகிறது? ஒரு c, பக்கத்தில் ஒரு l. இரண்டும் கண்ணுக்கு நன்றாகப் பழகிய எழுத்துகள். d எழுத்தை மேலிருந்து கீழ்வரை பிளந்தால் இந்த இரண்டும்தான் கிடைக்கும்.

நம் ஊரில் இது இன்னும் கடினமாகிறது. உங்கள் ஓட்டுநர்களில் பலருக்கு இசிஸூலு தாய்மொழியாக இருக்கும். அந்த மொழியில் c என்பது நாக்கைப் பல்லில் வைத்துச் சொடுக்கும் ஒலி. தொலைபேசிக்கு அவர்கள் சொல்லும் ucingo என்ற சொல்லிலேயே அது இருக்கிறது. ஆனால் அந்த c-க்குப் பின்னால் அவர்கள் மொழியில் l வருவதில்லை. ஆகவே உங்கள் முதல் ஓட்டுநர் ஒரு கணம் நின்றது கவனக்குறைவால் இல்லை. சொடுக்கி ஒலிப்பதா வேண்டாமா என்று நாக்கு தடுமாறியிருக்கும்.

எந்த எழுத்தை வெட்டலாம், எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்யும்போது வெட்டிய துண்டுகள் வேறு எழுத்துகளாக நிற்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். d உடைந்தால் c, l. m எழுத்தின் முதல் வளைவை நடுத்தண்டிலிருந்து பிரித்தால் r, n என்று ஆகும். w நடுவில் பிளந்தால் இரண்டு v. k எழுத்தில் தண்டையும் கைகளையும் பிரித்தாலும் அது k ஆகவே இருக்கும், ஏனென்றால் அந்தக் கைகள் மட்டும் தனியாக எந்த எழுத்தையும் தெளிவாகக் காட்டுவதில்லை. உங்கள் சொல்லில் k முதலிலேயே இருக்கிறது. அதை ஏன் எடுக்கவில்லை?

டோங்காட் அம்மா, உங்கள் தேவை வேறு. நீங்கள் எழுத்துருக் கோப்பையே மாற்றிப் பலருக்குக் கொடுக்க விரும்புகிறீர்கள், தம்பி ஒரு சொல்லின் படத்தை மட்டும் மாற்றுகிறார். உங்கள் எழுத்துரு திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்திருந்தால் மாற்றலாம், கொடுக்கலாம். ஆனால் உரிமக் கோப்பின் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட பெயர் என்று ஏதாவது சொல்லியிருந்தால், மாற்றிய எழுத்துருவுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. தனி இழை தொடங்குங்கள், நான் அங்கே வந்து படிப்படியாகச் சொல்கிறேன். ழகரத்தின் வால் நானும் வருந்தும் ஒன்று.

---

பேஹெட்_நிரல்

மிக்க நன்றி அக்கா. உங்கள் ஊகம் சரி. அளந்து பார்த்தேன், தண்டை 100 என்று கொண்டால் வெட்டு 35.

k எழுத்தை எடுக்காததற்குக் காரணம் உண்டு. செயலியின் சின்னப் படமாக d மட்டும் தனியாக நிற்க வேண்டும் என்று நினைத்தோம். வயிறு என்பது துறைமுகம், தண்டு என்பது வாயில். அந்த எண்ணத்தை விட மனம் வரவில்லை. இரண்டு a-க்களையும் பார்த்தேன். ஒன்றை மாற்றினால் மற்றொன்று அச்சுப்பிழைபோலத் தெரிந்தது, இரண்டையும் மாற்றினால் சொல் முழுவதும் இரைச்சலாக இருந்தது.

d எழுத்தையே வைத்துக்கொண்டு தப்பிக்க வழி இருக்கிறதா?

---

பலகைக்கடை (சாட்ஸ்வர்த்)

நான் சாட்ஸ்வர்த்தில் பெயர்ப்பலகையும் வண்டிகளுக்கு வினைல் எழுத்தும் செய்பவன். சாலையில் போகிற பக்கி வண்டியின் கதவில் உள்ளதை ஒருவர் இரண்டு நொடிதான் பார்ப்பார். அந்த நேரத்தில் பெயர் மனத்தில் ஏறவில்லை என்றால் பலகைக்குக் கொடுத்த பணம் வீண். லெனேசியா நண்பர் பழகிவிடும் என்கிறார். வாடிக்கையாளர் பழகுவதற்குள் மாத வாடகை வந்துவிடும்.

தம்பிக்கு இரண்டு செய்திகள். வினைல் வெட்டும் இயந்திரம் மையால் அச்சிடுவதில்லை, கத்தி கோட்டின் மேல் ஓடுகிறது. உங்கள் கோப்பில் தண்டும் வயிறும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிய இரண்டு வடிவங்களாக இருந்தால், திரையில் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். கத்தியோ இரண்டையும் தனித்தனியாக வெட்டும். எழுத்தின் நடுவில் குறுக்கே கீறல் விழும். இப்போது வரும் மாறுதடிமன் எழுத்துருக்களில் இது அடிக்கடி நேர்கிறது, எழுத்துக்குள்ளேயே வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும். கோப்பைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, சிறிய வினைல். ஓட்டுநர் அட்டையில் 7 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்து வைத்தால் அந்த வெட்டு 0.35 மில்லிமீட்டர். வேண்டாத வினைலை நான் ஊசியால் உரித்தெடுக்கும்போது அவ்வளவு மெல்லிய இழை அறுந்து உள்ளே தங்கிவிடும், இல்லையென்றால் பக்கத்தில் உள்ள தண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அச்சிட்ட அட்டை என்றால் பிழைத்துக்கொள்ளும், வெட்டிய வினைல் என்றால் பிழைக்காது.

---

அச்சுக்கோல்

வழி இருக்கிறது. கீழே உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். மேலே மட்டும் திறவுங்கள்.

d எழுத்தில் வயிறு இரண்டு இடங்களில் தண்டைத் தொடுகிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே ஒட்டியே இருந்தால் கண் இரண்டையும் ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். l தனியாக நிற்க வழியே இல்லை. நீங்கள் விரும்பிய வாயிலும் கிடைக்கிறது, வயிற்றின் மேல்முனை தண்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். கையால் எழுதும்போது பலர் வட்டத்தை முழுவதும் மூடாமல் d எழுதுவதுண்டு, கண்ணுக்கு அது புதிதல்ல.

ஆனால் நீங்கள் இதைச் செய்து பார்த்ததும் ஏதோ நோஞ்சானாகத் தெரிகிறது என்று திரும்பி வருவீர்கள். அதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் வேலையில் மிகுதியானவர்கள் தவறுவது இங்கேதான்.

எழுத்தை வரைந்தவர் வயிற்றின் கோட்டை எங்கும் ஒரே தடிமனில் வரைவதில்லை. தண்டை நெருங்க நெருங்க அதை மெலிய வைப்பார். மெலிய வைக்காவிட்டால் இரண்டு தடித்த கோடுகள் சேரும் மூலையில் கறுப்பு திரண்டு கறைபோலத் தெரியும். இணைப்புக்குள் ஒளிந்திருக்கும்வரை அந்த மெலிவு யார் கண்ணிலும் படாது. நீங்கள் அங்கே வெட்டியதும் அந்த மெலிந்த முனை வெளியே வந்து நிற்கிறது. பக்கத்தில் உள்ள k, l எல்லாம் திடமாக இருக்க, உங்கள் d மட்டும் நுனி தேய்ந்த பென்சில் கோடுபோல இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றும்.

தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அதே எழுத்துருவில், அதே தடிமனில், அதே அளவில் ஒரு c தட்டச்சு செய்யுங்கள். அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து d எழுத்தின் வயிற்றின் மேல் வைத்துப் பாருங்கள். c எழுத்தின் மேல்முனை காற்றில் நிற்பதற்கென்றே வரையப்பட்டது. எந்த இடத்தில் c தடித்தும் உங்கள் வெட்டுமுனை மெலிந்தும் இருக்கிறதோ, அங்கே உள்பக்கத்து வளைவை இழுத்து c அளவுக்குத் தடிப்பாக்குங்கள். வெளிப்பக்கத்து வளைவைத் தொடாதீர்கள். தொட்டால் வட்டம் பக்கத்து a-வின் வளைவோடு ஒத்துப்போகாது.

---

முத்திரை_72 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

என் அனுபவம் ஒன்று. நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் விலைக்கு வாங்கிய எழுத்துரு ஒன்றில் r எழுத்தின் நுனியை மாற்றிச் சின்னம் செய்தோம். அட்டை, பலகை, இணையதளம் எல்லாம் தயார். பிறகு எங்கள் கணக்காளர் உரிமப் பத்திரத்தை ஆற அமரப் படித்தார். எழுத்துகளின் வடிவத்தை மாற்றவும், அப்படி மாற்றியதைச் சின்னமாகப் பயன்படுத்தவும் தனி உரிமம் வாங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கூடுதல் தொகை கட்டித் தீர்த்தோம். அந்த மாதம் எங்களுக்கு மிகக் கடினமான மாதம். மொன்செராட் பற்றி யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

---

அச்சுக்கோல்

மொன்செராட் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தது. புவெனஸ் ஐரிஸ் நகரத்தில் மொன்செராட் என்றொரு பழைய வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள பெயர்ப்பலகைகளையும் சுவரொட்டிகளையும் பார்த்து ஹுலியெட்டா உலானோவ்ஸ்கி தொடங்கிய எழுத்துரு அது. நம் பலகைக்கடை அண்ணா போன்றவர்களின் கைவேலையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் தவறில்லை. அந்த உரிமத்தில் அதை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், மாற்றலாம். அதைக்கொண்டு செய்த படமோ ஆவணமோ அந்த உரிமத்துக்குக் கட்டுப்படாது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே சின்னம் செய்யத் தடையில்லை.

ஆனால் லெனேசியா அண்ணா சொன்னதில் பாதிதான் சரி. பதிவு பத்தாண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதும் புதுப்பிக்கலாம் என்பதும் உண்மை. ஓர் எழுத்தை மாற்றியதால் பெயர் முழுக்க உங்களுடையதாகிவிடாது. படமாகப் பதிந்தால் காப்பு முதலில் அந்தத் தோற்றத்தைச் சுற்றித்தான் நிற்கும். பெயரே முக்கியம் என்றால் சொல்லை வெறும் சொல்லாகத் தனியே பதிய வேண்டும். அதுவும் சொல் தொழிலை நேரடியாக வருணிப்பதாக இருந்தால், d எழுத்தை எவ்வளவு அழகாக வெட்டினாலும் 1993-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். லாரிகளுக்கான செயலிக்கு Truck என்று பெயர் வைத்து k எழுத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

லெனேசியா_வணிகம்

திருத்தியதற்கு நன்றி. என் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். படமாகத்தான் பதிந்திருக்கிறேன், சொல்லைத் தனியாகப் பதியவில்லை. இந்த வாரமே என் வழக்கறிஞரிடம் கேட்கிறேன். ஆனால் ஒன்று, நான் ஓவியருக்குப் பணம் கொடுத்துத்தான் சின்னம் வரைந்தேன். அந்தப் படத்தின் பதிப்புரிமையாவது என்னுடையதுதானே?

---

முத்திரை_72

அதையும் கேட்டுவிடுங்கள் அண்ணா. பணம் கொடுத்ததால் மட்டும் பதிப்புரிமை மாறிவிடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். நம் நாட்டின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்று சில படைப்புகளுக்கு இருக்கிறது, ஒளிப்படம், உருவப்படம் போன்றவற்றுக்கு. சின்னம் அந்தப் பட்டியலில் இல்லை. வெளியாள் வரைந்திருந்தால், உரிமையை மாற்றித் தருகிறேன் என்று அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். எங்கள் ஓவியர் நல்ல மனிதர், கேட்டதும் எழுதிக்கொடுத்தார்.

---

பேஹெட்_நிரல்

நான்கு நாள் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி செய்தேன், நீங்கள் சொன்னதுபோலவே நோஞ்சானாகத்தான் வந்தது! c வைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரிந்தது. தண்டை 100 என்றால் என் வெட்டுமுனை 62 தான் இருந்தது. அதே இடத்தில் c கிட்டத்தட்ட 90.

செய்த வரிசையை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இங்க்ஸ்கேப்பில் முதலில் சொல்லை எழுத்தாகவே வைத்துக்கொண்டு இடைவெளிகளைச் சரிசெய்தேன். k எழுத்துக்கும் a எழுத்துக்கும் நடுவில் மட்டும் சற்று நெருக்க வேண்டியிருந்தது. அதன் பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, Path > Object to Path கொடுத்து வடிவமாக மாற்றினேன். குழுவைப் பிரித்து d எழுத்தை மட்டும் எடுத்தேன். தண்டின் இடது விளிம்பை ஒட்டி ஒரு செவ்வகம் வரைந்து, அது மேல் இணைப்பை மட்டும் மூடும்படி வைத்து Path > Difference கொடுத்தேன். பிறகு புள்ளிகளைத் திருத்தும் கருவியால் உள்வளைவை மெல்ல மெல்ல இழுத்து முனையை 88-க்குக் கொண்டுவந்தேன்.

ஒரு தவறும் செய்தேன். வளைவு நெளிந்தபோது Path > Simplify கொடுத்துப் பார்த்தேன். வட்டம் முட்டைபோல ஆகிவிட்டது. வளைவின் உச்சியிலும் அடியிலும் இருந்த புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. திரும்பப் போய்க் கையாலேயே செய்தேன்.

வெட்டின் அகலத்தை 35-லிருந்து 45 ஆக்கியிருக்கிறேன். கீழே ஒட்டியிருப்பதால் அகலம் கூடினாலும் c, l என்று பிரியவில்லை. செயலிக்குள் 14 பிக்சல் உயரத்தில் வரும் இடத்துக்கு மட்டும் 60 அகலத்தில் இன்னொரு வடிவம் வைத்திருக்கிறேன். அங்கே அது 1.2 பிக்சல் வருகிறது, வெள்ளையாகத் தெரிகிறது.

நேற்று அதே லாரி நிறுத்துமிடத்துக்குப் போனேன். சுவரொட்டியை ஒரு நொடி காட்டி மறைத்துவிட்டு, பார்த்ததைத் தாளில் எழுதச் சொன்னேன். ஒன்பது பேர். எட்டுப் பேர் சரியாக எழுதினார்கள். ஒருவர் மட்டும் d இடத்தில் u எழுதினார்.

---

அச்சுக்கோல்

பிடித்திருக்கிறதா என்று கேட்காமல் எழுதச் சொன்னீர்களே, மனம் நிறைந்தது. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவிட்டுப் போவார்கள்.

u எழுதியவரை விட்டுவிடாதீர்கள். மேலே திறந்த d தலைகீழான n போலத் தெரியத் தொடங்கினால் அது u பக்கம் சாய்கிறது என்று பொருள். d எழுத்தை u-விலிருந்து பிரித்துக்காட்டுவது இரண்டு: தண்டு உயர்ந்து நிற்பது, வயிற்றின் மேல்பகுதி வலப்பக்கம் வளைந்து வருவது. தண்டு உங்களிடம் சரியாக இருக்கிறது. வளைவு போதுமான அளவு தண்டை நோக்கி நீளவில்லை என்று நினைக்கிறேன். 45 என்பது பெரிய அளவுகளுக்கு அதிகம். 38, 40 என்று வைத்துப் பார்த்து மீண்டும் ஒன்பது பேரிடம் காட்டுங்கள், முன்பு பார்க்காத ஒன்பது பேராக இருக்கட்டும்.

முனையை எந்தக் கோணத்தில் வெட்டினீர்கள்? செவ்வகத்தால் என்றால் தண்டுக்கு இணையாகச் செங்குத்தாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். அந்த வெள்ளை இடைவெளியே ஒரு வடிவம், இரண்டு பக்கமும் இணையாக இருந்தால் கதவு இடுக்குபோலச் சுத்தமாக நிற்கும். ஃபெடெக்ஸ் சின்னத்தில் E எழுத்துக்கும் x எழுத்துக்கும் நடுவில் உள்ள அம்பை நினைத்துப் பாருங்கள். 1994-இல் லிண்டன் லீடர் அதைச் செய்தபோது யூனிவர்ஸ், ஃப்யூச்சுரா என்ற இரண்டு எழுத்துருக்களின் இயல்புகளைக் கலந்து எழுத்துகளைத் திருத்தினார். அங்கே அம்பு என்று தனியாக எதுவும் வரையப்படவில்லை, கறுப்பின் ஓரங்கள் ஒழுங்கானதால் வெள்ளை வடிவம் பெற்றது.

---

முத்திரை_72

இதில் அக்காவோடு நான் ஒத்துப்போகவில்லை. சொல்லில் இருக்கும் இரண்டு a-க்களின் முனைகளும் எழுத்துருவுக்கே உரிய விதத்தில் முடிகின்றன. d மட்டும் கத்தியால் நறுக்கியதுபோல நின்றால் வேறு எழுத்துருவிலிருந்து கொண்டுவந்ததாகத் தோன்றாதா? c எழுத்திடமிருந்து தடிமனைக் கடன் வாங்கியவர் கோணத்தையும் வாங்குவதுதான் முறை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மொன்செராட் எங்கும் இருக்கிறது. எங்கள் தெருவில் பல் மருத்துவர் பலகையிலும் அது, வீடு விற்பவர் பலகையிலும் அது. ஓர் எழுத்தை மாற்றினால் மீதி நான்கு எழுத்துகளும் அதே பல் மருத்துவர் பலகைதானே? ஐந்தையும் வரைய வேண்டும், இல்லையென்றால் அரிதான எழுத்துருவை எடுக்க வேண்டும்.

---

அச்சுக்கோல்

கோணம் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. c எழுத்தின் முனைக்கு எதிரில் வெறும் காற்று. d எழுத்தின் முனைக்கு எதிரில் தண்டு நிற்கிறது. சாய்த்து வெட்டினால் இடைவெளி ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகி ஆப்புபோல ஆகும், குறுகிய பக்கம் சிறிய அளவில் முதலில் அடைபடும். அதனால்தான் செங்குத்து என்றேன். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் இதை முடிக்க முடியாது.

நான்கு எழுத்துகள் பொதுவாக இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. அவை அமைதியாக இருப்பதால்தான் d பேசுகிறது. டெல் சின்னத்தில் E மட்டும் சாய்ந்து நிற்கிறது, மற்ற மூன்று எழுத்துகளும் நேராக நிற்கின்றன. மூன்றும் சாய்ந்திருந்தால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஐந்தையும் வரைவது நல்லதுதான், அதற்கு ஒரு தேர்ந்த கைக்குப் பல வாரங்கள் ஆகும். மூன்று பேர் கொண்ட நிறுவனத்துக்கு அந்த வாரங்கள் எங்கே?

---

கரும்புத்தோட்டம்

எனக்குப் பதில் சொன்ன மகளுக்கு நன்றி, தனி இழை தொடங்கிவிட்டேன். இதையும் விடாமல் படித்து வருகிறேன். பிள்ளைகளுக்கு d, b இரண்டும் குழம்பும்போது நான் வயிறு முன்னால் வந்தால் d, முதுகு முன்னால் வந்தால் b என்று சொல்லிக்கொடுப்பேன். வயிறு தண்டோடு சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாடம் பலிக்கும். கீழே சேர்த்தது சரி என்று எனக்குப் படுகிறது.

---

பலகைக்கடை

தம்பி, கோப்பு கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது எழுத்தாகவே விட்ட கோப்பைக் கொண்டுவருகிறார்கள். என் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அது தானாக வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். d எழுத்தை மட்டும் வடிவமாக மாற்றி மற்ற நான்கையும் எழுத்தாகவே விட்டிருந்தால் இன்னும் மோசம், d ஓர் ஊர், மற்றவை ஓர் ஊர்.

---

பேஹெட்_நிரல்

நல்ல வேளை சொன்னீர்கள் அண்ணா. SVG கோப்பில் எழுத்தாகவே விட்டது ஏதாவது இருக்கிறதா என்று சோதித்தேன்:

```
grep -c "<text" chinnam.svg
```

0 வந்திருக்க வேண்டும், 1 வந்தது. பிரதியாக எடுத்து வைத்த பழைய சொல் பக்கத்துக்கு வெளியே அப்படியே கிடந்தது. அதை வேறு கோப்புக்கு மாற்றிவிட்டேன். வடிவங்களையும் Path > Union கொடுத்து இணைத்துவிட்டேன்.

வெட்டை 40 ஆக்கி இன்று காலை புதிய ஒன்பது பேரிடம் காட்டினேன். ஒன்பது பேரும் d என்றே எழுதினார்கள். முனையின் கோணத்தில் மட்டும் எங்கள் மூன்று பேருக்குள்ளேயே இரண்டு கருத்து. எனக்குச் செங்குத்து, மற்ற இருவருக்கும் c எழுத்தின் சாய்வு.

---

பலகைக்கடை

இரண்டையும் தனித்தனிக் கோப்பாக அனுப்புங்கள். என்னிடம் கழிவு வினைல் கிடக்கிறது. 21 சென்டிமீட்டரில் ஒன்று, 4 சென்டிமீட்டரில் ஒன்று என்று இரண்டு விதமும் வெட்டி என் பக்கியின் இரண்டு கதவுகளிலும் ஒட்டுகிறேன். இடப்பக்கம் செங்குத்து, வலப்பக்கம் சாய்வு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்கு வாருங்கள், எதிர்ச் சாரியில் நின்று பார்ப்போம்.

---

பேஹெட்_நிரல்

வருகிறேன் அண்ணா. இரண்டு கோப்புகளையும் இப்போதே அனுப்புகிறேன். அக்கா, அன்று எடுக்கும் படங்களை இங்கேயே இடுகிறேன், வெயில் நேராக விழும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் தனித்தனியாக.